கெடு நீட்டிக் கேட்ட கடிதம்

மந்தாரக்குப்பத்தில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. வெல்டிங் என் கணவர் பார்ப்பார். சரக்கு வாங்குவது, பில் போடுவது, வசூல் எல்லாம் நான். சுரங்கத்தில் வேலை எடுக்கும் ஒரு காண்ட்ராக்டருக்கு இரும்புச் சட்டங்கள் செய்து கொடுத்தோம். இரும்பைக் கடனுக்குத் தந்தவர் வடலூர்க் கடைக்காரர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். என் மகள் சடங்குக்குத் தாம்பாளத்தோடு வந்து நின்றவர்.

ஒரு முறை காண்ட்ராக்டரின் பில் பாஸாகாமல் நின்றுவிட்டது. அவருக்கு வந்தால்தான் எங்களுக்கு வரும். இரும்புக்கடை பில்லுக்கோ கெடு நெருங்கியது. அது தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று கடிதம் எழுதினேன். பில் எண், பாக்கித் தொகை, தாமதத்துக்குக் காரணம் எல்லாம் எழுதி, இப்போது கால்வாசி கட்டுகிறேன், மீதிக்கு ஒரு மாதம் நீட்டித் தர வேண்டும் என்று கேட்டேன். அண்ணன்தானே என்ற நம்பிக்கையில், கூலி கொடுக்க என் வளையல் அடகில் இருப்பதையும் எழுதினேன். அது தேவையில்லை.

கால்வாசியை அனுப்பிய அன்றே சம்மதம் என்று பதில் வந்தது. போன் செய்தும் சொன்னார்: "இதுக்குப் போயி லெட்டரா தங்கச்சி? மெதுவா குடு."

அந்த வாரமே, வெல்டிங் ராடு தருபவர் ரொக்கம் கேட்டார். கேஸ் சிலிண்டர் வண்டியும் காசைப் பார்க்காமல் இறக்க மறுத்தது. ஏன் என்று டிரைவரைக் கேட்டேன்.

"உங்க லெட்டருதாங்க. யாவாரிங்க வாட்ஸ்அப் குரூப்புல சுத்திக்கினு இருக்குது. வளையல் அடகுல இருக்குதாமேன்னு எங்க மொதலாளி கேட்டாரு."

அடகு விஷயம் என் மாமியாருக்குக்கூடத் தெரியாது. வடலூருக்கு பஸ் ஏறினேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் கேட்டுவிட்டேன்.

"குரூப்புல போட்டது நீங்களா அண்ணே?"

அவர் மறைக்கவில்லை. "நம்மாளுங்க ஜாக்கிரதையா இருக்கட்டும்னு போட்டம்மா. ஒனக்குத்தான் டைம் குடுத்துட்டன்ல?"

"டைம் குடுத்தீங்க. வளையலையும் சேர்த்துப் போடணுமா?"

"பூராத்தையும் யாரு படிக்கிறா" என்றார். டீ சொல்லட்டுமா என்றும் கேட்டார். வந்துவிட்டேன்.

ரொக்கமாக வாங்க முடியாமல் கையிலிருந்த ஒரு ஆர்டரை விட்டோம். பிறகு காண்ட்ராக்டருக்குப் பணம் வந்தது. நீட்டிய கெடுவுக்கு முன்பே வடலூர்க் கணக்கைத் தீர்த்தேன். "பாக்கி தீர்ந்ததுன்னு குரூப்புல ஒரு வார்த்தை போடுங்கண்ணே" என்று கேட்டேன்.

"அதெதுக்கும்மா? மறந்திருப்பாங்க" என்றார்.

இப்போது பண்ருட்டியில் ரொக்கத்துக்கு வாங்குகிறோம். விலை கொஞ்சம் கூடுதல். மகள் கல்யாணப் பத்திரிகையை வடலூருக்குக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார் கணவர். நீங்களே போங்கள் என்றேன். அவரும் போகவில்லை.