கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கபர் நோட்டீஸ்

காயல்பட்டினத்தில் ஆமிராவுக்கு மலாய்க்காரி என்று பேர். அவள் மலாய்க்காரி அல்ல. வாப்பாவும் உம்மாவும் இதே ஊர்தான். வாப்பா மலேசியாவில் கோத்தபாருவில் ஜவுளிக்கடை வைத்திருந்ததால் அங்கே பிறந்து, பத்தொன்பது வயது வரை அங்கே படித்தவள். கட்டிக்கொடுத்து இங்கே கொண்டுவந்து முப்பத்தைந்து வருஷமாகியும் பேர் மட்டும் போகவில்லை. அவளுடைய பேச்சைக் கிண்டல் செய்தே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆமிராவும் சும்மா இருந்தவள் இல்லை. தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே ஊரில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் கத்தரித்துப் போடுவாள். அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர்கள் வாயை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

அன்று காலை பதினொரு மணிக்கு, மரியத்தின் பேத்தி கல்யாணத் துணிக்கு அளவெடுக்க வரச்சொல்லியிருந்தார்கள் என்று அவள் வீட்டுக்குப் போனாள். மரியத்துக்கு எழுபது நெருங்குகிறது. புருஷன் காஜா முஹ்யித்தீன் கோத்தபாருவில் பிழைக்கப் போய், அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமானவர். இருபத்தாறு வருஷம் ஆகிறது. மரியம் அந்தக் கபரைக் கண்ணால் பார்த்ததில்லை.

கூடத்துச் சுவரில் புதிதாக ஒரு சட்டம் தொங்கியது. தங்க நிற விளிம்பு. உள்ளே ஒரு பலகையின் போட்டோ, பச்சையில் வெள்ளையாக அரபு எழுத்து. அதற்கு மேலே ஒரு மல்லிகைச் சரம்.

"முஸம்மில் கொண்டுவந்ததுளா," என்றாள் மரியம். "ஏப்ரல் மாசம் மலேசியாவுக்கு டூர் போனான்ல. வாப்பா கபருக்குப் போயி ஃபாத்திஹா ஓதிட்டு வாடான்னேன். அந்த மையவாடி வாசல்ல இருந்த குர்ஆன் ஆயத்தாம். தினமும் சுபுஹு தொழுகைக்கு அப்புறம் இதப் பாத்துத்தான் அவங்களுக்கு துஆ செய்யுதேன்."

ஆமிரா கிட்டே போய்ப் பார்த்தாள். பார்த்தவள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ராத்தா, உங்க மவனக் கூப்பிடுங்க."

முஸம்மில் மாடியிலிருந்து இறங்கி வந்தான். தூத்துக்குடியில் செருப்புக்கடை. ஊரில் எதைப் பற்றிக் கேட்டாலும் அவனிடம் ஒரு பதில் இருக்கும், சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது.

"இது என்னலே?"

"ஆயத்து, சாச்சி. குரூப்ல போட்டேன். நாப்பத்திமூணு பேரு மாஷா அல்லாஹ் போட்டாங்க. போன்ல மொழிபெயர்ப்புக்கு வச்சும் பாத்தேன். 'வரலாறு'ன்னு காட்டுச்சு. அந்த மையவாடி வரலாறும் இருக்கும்போல."

நாற்பத்திமூன்று பேர்! அதில் பாதிப்பேர் குர்ஆனைத் தலைகீழாக ஒப்பிப்பவர்கள். அரபு எழுத்தைக் கண்டதும் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தெரிந்தது, வாசிக்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆமிராவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின.

"இங்கன வா. இது என்ன எழுத்து?"

"ஃபே."

"ஃபேக்கு எத்தன புள்ளி?"

"ஒண்ணு." சொன்னவன் உற்றுப் பார்த்தான். "இதுல மூணு இருக்கு."

"மூணு புள்ளி வச்ச ஃபே குர்ஆன்ல எங்கலே இருக்கு? ஐன் மேல மூணு புள்ளி எங்க இருக்கு? அது 'ப', இது 'ங'. அரபுல இல்லாத சத்தத்துக்கு அவங்களா வச்சுக்கிட்ட புள்ளி. நம்ம ஆளுக தமிழ அரபு எழுத்துல எழுதுன அரபுத்தமிழுக்கு வச்ச மாதிரி. இது மலாய் பாஷை. அத அரபு எழுத்துல எழுதுனா ஜாவி. நான் பள்ளிக்கூடத்துல படிச்சது."

மரியம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "என்னதான்ளா எழுதியிருக்கு?"

ஆமிரா மேல்வரியில் விரல் வைத்தாள். "மொத வார்த்தையே உங்களுக்குத் தெரியும். நூன், வாவு, தே, யே, சீன். நோட்டீஸ். இங்கிலீஸ்ல இருந்து அவங்களும் எடுத்துக்கிட்டாங்க, நாமளும் எடுத்துக்கிட்டோம். அடுத்தது பெமிண்டாஹான், சுத்த மலாய். வேற இடத்துக்கு மாத்துறதுன்னு அர்த்தம். அதுக்குப் பக்கத்துல இருக்கத நீங்களே வாசிங்க."

மரியம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துக் கூட்டினாள். "காஃப்... குபூர்." நிமிர்ந்தாள். "கபரா?"

"கபருதான். கபர்கள மாத்துற நோட்டீஸ். ரோட்ட அகலப்படுத்துறாங்களாம். இந்தா, மஜ்லிஸ். நாம மவ்லிதுக்குக் கூடுற மஜ்லிஸ் இல்ல, அங்க கவுன்சிலுக்கு அந்தப் பேரு. இது வாரிஸ்."

"வாரிசு."

"ஆமா. வாரிசுதாரர் நேர்ல வரணும், இல்லேன்னா வக்கீல அனுப்பணும். கோர்ட்டு வக்கீல் இல்ல, நம்ம சார்பா யாரு போனாலும் அங்க வக்கீல்தான். கபர அடையாளம் காட்டிப் பேரு குடுக்கணும். புது எடத்துல பேரோட வச்சுருவாங்க."

முஸம்மில் தொண்டையைச் செருமினான். "அப்ப வரலாறுன்னு வந்துச்சே?"

"தாரீக். அரபுல வரலாறும் அதுதான், தேதியும் அதுதான். மலாய்ல தேதி மட்டுந்தான். ஒன் போனு இத அரபுன்னு நெனச்சு வாசிச்சிருக்கு. அதுக்கு மூளை இல்ல, ஒனக்கு என்ன?"

"கீழ இங்கிலீஷ் எழுத்துலயும் என்னமோ இருந்துச்சு சாச்சி. சட்டத்துக்குள்ள அழகா வரலேன்னு வெட்டிட்டேன்."

அழகாம்! ஆமிரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கடேசி வரியில ஒம்பது எலக்கம் இருக்கே, அத என்னன்னு நெனச்ச?"

"ஆயத்து நம்பர்."

"ஆயத்து நம்பர் ஒம்பது எலக்கத்துலயா? அது டெலிபோன் நம்பர்லே, மடையா!"

மரியம் இதொன்றையும் காதில் வாங்கவில்லை. "தேதி என்னளா?" என்றாள்.

எண்கள் குர்ஆனில் வசனத்துக்கு வசனம் பார்க்கும் எண்கள்தான். ஆமிரா வாசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மரியம் எழுந்து வந்து தானே விரல் வைத்தாள். ஒன்று, ஐந்து. ஜூன் பதினைந்து. அதற்குள் வர வேண்டும் என்று போட்டிருந்தது. சுவரில் நாள்காட்டி ஜூன் இருபத்தேழைக் காட்டியது.

இரண்டு மாதமாக அது அவள் கண்ணெதிரேதான் தொங்கியிருக்கிறது.

"எந்தக் கபருடா ஒன் வாப்பாது?" என்று மகனைக் கேட்டாள். "போயி நின்னியே?"

"உள்ள போகலம்மா. பஸ்ஸு பத்து நிமிசந்தான் நிறுத்துனான். வாசல்ல நின்னு ஓதிட்டு..." என்று இழுத்தான். ஆமிரா இந்த ஒரு தடவை அவனைத் திட்டாமல் கையை நீட்டினாள்.

அவன் போனை வாங்கி அந்த ஒன்பது எண்ணுக்கு முன்னால் மலேசியாவின் எண்ணைச் சேர்த்து அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தவன் இளவயசுக்காரன், மரியாதையாகப் பேசினான். ஆமிரா பேரையும் மவுத்தான வருஷத்தையும் சொன்னாள். ரிஜிஸ்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு நிதானமாகப் படித்தான். கபரை மாற்றியாயிற்று. புது இடத்தில் ஏழாவது வரிசை. அடையாளக் கல்லில் எண் மட்டும். கடைசியாக இரண்டு வார்த்தை படித்தான்.

"தியாடா வாரிஸ்."

ஆமிரா மற்றதையெல்லாம் தமிழில் சொன்னாள். அந்த இரண்டை மட்டும் விழுங்கப் பார்த்தாள்.

"ரெண்டாவது சொல்லு எனக்கே வெளங்குது," என்றாள் மரியம். "மொத சொல்லு என்ன?"

"இல்லைன்னு அர்த்தம், ராத்தா."

மரியம் போனுக்குப் பக்கத்தில் நகர்ந்தாள். அழவில்லை. "இருக்குன்னு சொல்லு. பொஞ்சாதி இருக்கா, பேரு மரியம். எழுதச் சொல்லு."

ஆமிரா சொன்னாள். காலம் கடந்துவிட்டாலும் ரிஜிஸ்டரில் திருத்தலாம், கல்லில் பேரும் வெட்டலாம் என்றான் அந்தப் பிள்ளை. எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டான். பிறகு வேறொன்று கேட்டான்.

"வேற வாரிசு யாரும் உண்டான்னு கேக்கான், ராத்தா."

முஸம்மில் ஓரடி முன்னால் வந்தான். மரியம் அவனைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய சட்டத்தைப் பார்த்தாள், மறுபடியும் அவனைப் பார்த்தாள்.

"யாரும் இல்லேன்னு சொல்லு."

ஆமிரா அதை அப்படியே மலாயில் சொன்னாள்.