மாமாவின் ரத்த ரிப்போர்ட்டும் ஒரு தீப்பெட்டியும்

என் மாமனார் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தி ஏறி, தலையை எண்ணி, டிக்கெட்டை எண்ணி, இரண்டும் ஒத்துவராவிட்டால் கண்டக்டரின் உயிரை வாங்குவது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகு கண்டக்டர்கள் கிடைக்காததால் எங்கள் உயிரை வாங்கினார். உப்பு ஜாடி இடம் மாறினால்கூட விசாரணை நடக்கும்.

ஓய்வு பெற்ற அன்று பூட்ஸைக் கழற்றிப் பரண்மேல் போட்டவர், அதற்குப் பிறகு செருப்பே போடவில்லை. "முப்பது வருசம் புழுங்குன காலு, இனிமே காத்து வாங்கட்டும்" என்பார். கீழக்குயில்குடிப் பக்கம் இருந்த பூர்வீக நிலத்துக்குத் தினமும் காலையில் போய், சேற்றிலும் வரப்பிலும் வெறுங்காலோடு திரிந்துவிட்டு வருவார். ஊரார் காலைக்கடன் கழிக்க ஒதுங்குகிற ஓடைக்கரைதான் அவருக்கு வழி. நான் சொல்லிப் பார்த்தேன். மருமகள் சொல்லி மாமனார் செருப்பு போட்டதாக எங்கள் பக்கம் சரித்திரமில்லை.

அப்போது நான் பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஒரு சின்ன லேபில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணுவது என் பிழைப்பு. அவரும் எண்ணிப் பிழைத்தவர், நானும் எண்ணிப் பிழைக்கிறவள். ஆனாலும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.

மாமாவுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முகமும் வெளுத்துப் போயிருந்தது. டாக்டர் ரத்தம் பார்க்க எழுதிக் கொடுத்தார். எங்கள் லேபிலேயே எடுத்தோம். நான் ஊசியோடு போனதும் "நீ குத்த வேணாம்த்தா" என்று கையை இழுத்துக்கொண்டார். இன்னொரு பெண் குத்தினாள், நான் எண்ணினேன். ரிப்போர்ட்டை உறையில் போட்டு, டாக்டரிடம் காட்டாமல் பிரிக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர் பஸ்ஸிலேயே பிரித்துவிட்டார். டாக்டரோ சொந்தக்காரர் கல்யாணமென்று வெளியூர் போயிருந்தார்.

வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் நாத்தனார் அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். ஆசிரியர் பயிற்சியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குச் சில மாதங்கள்தான் பாக்கி.

"மதினி, அப்பாவுக்கு ப்ளட் கேன்சராம். கண்ண மூடுறதுக்குள்ள என் கல்யாணத்தப் பாக்கணுமாம். வாடிப்பட்டிக்குச் சொல்லிவிட்டாரு. நாளைக்கே வந்து தேதி குறிக்கிறாங்களாம்."

வாடிப்பட்டிக்காரர் தூரத்து உறவு. மகனுக்கு இவளைக் கேட்டு ரொம்ப நாளாக நடந்துகொண்டிருந்தார். கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிட வேண்டும், மருமகள் வேலைக்குப் போவது தங்களுக்குக் கௌரவக் குறைச்சல் என்று என் எதிரிலேயே சொன்னவர். வேலைக்குப் போகிற என் எதிரில்! எனக்கு அந்த ஆளைக் கண்டாலே பிடிக்காது.

"கேன்சர்னு யார் சொன்னா?"

"டீக்கடையில சொன்னாகளாம். வெள்ளை அணு கூடினா அதானாம்."

அந்தக் காலத்துச் சினிமாவில் பாதிப் பேர் ரத்தப் புற்றுநோயில்தான் செத்தார்கள். ஒருவன் வெள்ளைக் கைக்குட்டையில் இருமினால் தியேட்டரே அழும். அதனால் டீக்கடையில் எல்லோரும் டாக்டர்கள். என் புருஷன் கப்பலூரில் சாயங்கால ஷிப்டுக்குப் போயிருந்தார். நானேதான் பேசியாக வேண்டும். பையை வைத்துவிட்டு நேராக மாமாவிடம் போனேன். அவர் கட்டிலில் படுத்து, கைகளை நெஞ்சின்மேல் கோத்து, ஒத்திகை பார்ப்பதுபோல் கிடந்தார்.

"மாமா, ரிப்போர்ட்டை எடுங்க. நான் சொல்றேன்."

"என்னத்தச் சொல்லப் போற? கணக்கே தப்பா இருக்கு. மொத்தம்னு பன்னெண்டாயிரத்து நானூறு போட்டுருக்க. கீழ அம்பத்திரண்டு, இருவத்திரண்டு, இருவத்திநாலு, ரெண்டு, சைபர். கூட்டிப் பாத்தா நூறுதான் வருது. மிச்சப் பேரு எங்க போனான்?"

மனிதர் சாகிற நேரத்திலும் கூட்டிப் பார்த்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே சிரிப்பில் வழியும் கிடைத்தது.

"உங்க ரத்தம் ஒரு பஸ்ஸுன்னு வச்சுக்கங்க. மொத்தம்னு இருக்கிறது வெள்ளை அணு எம்புட்டுன்னு தலைய எண்ணினது. ஒரு துளியில துளியூண்டு இடத்துல அம்புட்டுப் பேர். நாலாயிரத்துலருந்து பதினோராயிரம் வரைக்கும் இருக்கலாம். உங்களுக்குக் கொஞ்சம் கூட."

"ஓவர்லோடு."

"கொஞ்சம். அதுல நூறு பேரத் தனியா நிப்பாட்டி யார் யாருன்னு பாத்தது கீழ இருக்கிற கணக்கு. அதனாலதான் நூறு வருது. எல்லாம் போலீஸ்காரங்கதான், ஆனா வேற வேற பிரிவு. கிருமி வந்தா மொதல்ல ஓடுறவன் அம்பத்திரண்டு. பழைய எதிரிய ஞாபகம் வச்சிருக்கிறவன் இருவத்திரண்டு. குப்பையக் கூட்டி அள்ளுறவன் ரெண்டு."

"சைபர் வாங்கினவன் யாரு?"

"அவன் எப்பவுமே அபூர்வம். சைபரோ ஒண்ணோ இருந்தாலே பாஸ்தான்."

பாஸ் என்றதும் எழுந்து உட்கார்ந்தார். நான் ரிப்போர்ட்டில் விரலை வைத்தேன்.

"இங்கதான் விசயம் இருக்கு. இயோசினோபில். இது அஞ்சாறுக்கு மேல போகக் கூடாது. உங்களுக்கு இருவத்திநாலு. இந்தப் பிரிவு ஆஸ்துமா, அரிப்பு, இல்ல வயித்துல பூச்சி, இதுக்குத்தான் பெரும்பாலும் பெருகும். உங்களுக்கு ஆஸ்துமாவும் இல்ல, அரிப்பும் இல்ல."

"அப்ப கேன்சர்காரன் எந்த சீட்டுல இருக்கான்?"

"அவன் ஏறவே இல்ல மாமா. அந்த நோய்னா சாதாரணமா முதிராத அணுவெல்லாம் பச்சப்புள்ள மாதிரி கூட்டத்துல நிக்கும். ஒண்ணுகூட இல்லன்னு தேடிப் பாத்துத்தான் எழுதியிருக்கேன். முடிவா டாக்டர்தான் சொல்லணும். ஆனா நீங்க பயப்படுற மாதிரி இதுல ஒண்ணும் இல்ல."

அவர் விடுவதாக இல்லை. மேலே இருந்த ஹீமோகுளோபினைக் காட்டி, எட்டே கால்தானே என்றார். அதுதான் சிவப்பு அணுவுக்குள் இருந்து மூச்சுக்காற்றைச் சுமக்கிற சரக்கு, ஆம்பளைக்குப் பதிமூன்றுக்குக் குறையக் கூடாது, பஸ் ஓடுகிறது ஆனால் பாதி சீட்டைக் கழற்றிவிட்டார்கள், அதனால்தான் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றேன். சிவப்பு அணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கின்றன, இரும்புச்சத்து குறைந்தால் அப்படித்தான் ஆகும், சில வயிற்றுப் பூச்சிகள் ரத்தத்தை உறிஞ்சியே அதைக் குறைத்துவிடும் என்றும் சொன்னேன். காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு இரண்டு லட்சத்துக்கு மேல் என்றதும் "லட்சமா!" என்று முகம் மலர்ந்தது. தனக்குள் லட்சக்கணக்கில் எதுவோ இருப்பது அவருக்குத் தெம்பாக இருந்தது.

"ஈ.எஸ்.ஆர். முப்பதுன்னு இருக்கே?"

"குழாய்ல ஊத்தி வச்ச ரத்தம் ஒரு மணி நேரத்துல எம்புட்டு கீழ தெளியுதுங்கிற அளவு. கொஞ்சம் கூட இருக்கு. உள்ள ஏதோ நடக்குதுன்னு மணி மட்டும் அடிக்கும். எந்த வீட்டுலன்னு அது சொல்லாது. ரத்தம் கொறைஞ்சாலே அது கூடும்."

மாமா ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். பிறகு பழைய இன்ஸ்பெக்டர் குரல் வந்தது.

"டிக்கெட் இல்லாம ஒருத்தன் ஏறியிருக்கான்கிற. அவன்தான் எம் ரத்தத்தையெல்லாம் குடிக்கிறான்கிற. ஆளக் காட்டு, நம்புறேன்."

"மலம் டெஸ்ட் பண்ணினாத் தெரிஞ்சுரும். பூச்சி இருந்தா கல்யாணத் தேதியத் தள்ளி வைப்பீங்களா? அவ பரீட்சைய முடிக்கட்டும்."

"பூச்சி இருந்தாத் தள்ளுறேன். இல்லைன்னா அடுத்த முகூர்த்தம்."

கதவுக்குப் பின்னால் நாத்தனார் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெண்ணின் படிப்பு, அவள் அப்பன் வயிற்றில் பூச்சி இருக்க வேண்டுமே என்ற வேண்டுதலில் வந்து நின்றது. மீனாட்சியம்மனிடம் இதை எப்படிக் கேட்பது என்று தெரியாமலே கேட்டேன்.

மறுநாள் காலை மாமாவிடம் வாயகன்ற குப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டு நான் முன்னால் வேலைக்குப் போனேன். கண்ணாடிக் குப்பியில் பஸ்ஸில் கொண்டுபோனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மாமாவுக்குக் கூச்சம். நேற்றுவரை சல்யூட் வாங்கிய மனிதர். குப்பியை வைத்துவிட்டு, காலித் தீப்பெட்டி ஒன்றில் வாழை இலைத் துண்டு போட்டு விஷயத்தை வைத்து மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த மட்டுக்கும் யோசனை நல்ல யோசனைதான்.

பஸ் ஸ்டாப்பில் வாடிப்பட்டிக்காரர் வெற்றிலை பாக்குப் பையோடு வந்து இறங்கினார். தேதி குறிக்கிற சந்தோஷம். வாயில் சிகரெட்டை வைத்தார். மடியைத் தடவினார். மாமாவின் சட்டைப் பையைப் பார்த்தார்.

"மச்சான், நீங்க எப்ப இருந்து பிடிக்கிறீக?" என்று உரிமையோடு தீப்பெட்டியை எடுத்துவிட்டார். மாமா "வேணாம் மாப்ள, வேணாம்" என்று கையைப் பிடிப்பதற்குள் பெட்டி திறந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அங்கே பூ விற்ற அம்மாள் எங்கள் தெருவுக்கே விளக்கமாகச் சொன்னாள். வாடிப்பட்டிக்காரர் பெட்டியை விட்டெறிந்தார். மாமா அவரைச் சமாதானப்படுத்தாமல், ஐயோ என்று பெட்டியின் பின்னால் வெறுங்காலோடு ஓடிப் பொறுக்கி, உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, பத்திரமாக மூடினார். அதைப் பார்த்த வாடிப்பட்டிக்காரர் வெற்றிலைப் பையையும் விட்டுவிட்டு, எதிரில் வந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடக் கேட்காமல் ஏறிவிட்டார். புத்தி பேதலித்த குடும்பத்தில் சம்பந்தம் வேண்டாம் என்று சாயங்காலமே ஆள் விட்டார்.

மாமா லேபுக்கு வந்து தீப்பெட்டியை என் மேசையில் வைத்தார். "சம்பந்தி போயிட்டாரு. இதுதான் மிஞ்சிச்சு. பாரு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பார்த்தேன். மெல்லிய ஓடு, உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள், கொக்கிப்புழுவின் முட்டை. ஒன்றல்ல, பல. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் பயந்துபோனாள்.

மாமா ஒற்றைக் கண்ணை மூடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"இது எங்கத்தா ஏறுச்சு?"

"குஞ்சு மண்ணுல கெடக்கும் மாமா. வெறுங்கால் வழியா ஏறும்."

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். டாக்டர் திரும்பி வந்து பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார். சில மாதங்களில் ஹீமோகுளோபின் பதிமூன்றைத் தொட்டது. அந்த ரிப்போர்ட்டை டீக்கடைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் பஸ் கணக்கில் விளக்கினார். செருப்பு மட்டும் போடவில்லை.

நாத்தனார் பாஸாகி, திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையில் சேர்ந்தாள். முதல் சம்பளத்தன்று ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தாள். அவர் அதை எட்டப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னத்தா இது, லேபுக்குக் கொண்டு போகணுமா?"

திறந்தால் ஒரு ஜோடி தோல் செருப்பு. அவர் சிரிக்கவில்லை. செருப்பை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மகளிடம் சொன்னார்:

"டிக்கெட் வச்சிருந்த புள்ளைய பாதி வழியில எறக்கிவிடப் பாத்தேனேத்தா."

"அதான் எறங்கலையேப்பா. காலை நீட்டுங்க, சரியா இருக்கான்னு பாப்போம்" என்று அவள் கீழே உட்கார்ந்தாள்.