ஈடு ஈடோடு முட்டிய ஐப்பசி

எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பு கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். அறுபதுகளின் தொடக்கம். எட்டாவது வரைதான் படித்தவன் என்பதால் வார்டில் சேர்க்கவில்லை, கொதிகலன் அறையில் சேர்த்தார்கள். அங்கே நடந்த ஒன்றைப் பிள்ளைகளாகிய உங்களிடம் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்.

ஆபரேஷனுக்கும் பிரசவத்துக்கும் வேண்டிய துணிகளையும் பஞ்சையும் வட்டத் தகர டப்பாக்களில் அடுக்கி மூடுவார்கள். அதை டிரம் என்போம். பத்து டிரம்மை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவைத் திருகி, பக்கத்துக் கொதிகலனிலிருந்து நீராவியை விடுவோம். அழுத்தம் காட்டும் கடிகாரத்தின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் அரை மணி நேரம் அதிலேயே நிறுத்தவேண்டும். சமவெளியில் பதினைந்து பவுண்டு அழுத்தம் போதும்; எங்கள் உயரத்தில் காற்று லேசு என்பதால் பதினெட்டில் கோடு போட்டிருந்தார்கள். பிறகு நீராவியை வெளியேற்றி, துணி உள்ளேயே காயும்வரை விட்டு எடுக்கவேண்டும். ஈரமாக எடுத்தால் அந்த ஈரத்தின் வழியே கிருமி திரும்ப உள்ளே போய்விடும்.

ஒரு தடவை வைத்து எடுப்பதை இட்லிக்குச் சொல்வதுபோல ஈடு என்றுதான் சொல்வோம். காலை ஆறு மணிக்கு முதல் ஈடு, ஒன்பதுக்கு இரண்டாவது, பன்னிரண்டுக்கு மூன்றாவது.

அறையில் நாங்கள் மூன்று பேர். நெருப்புப் போடுகிறவர் பூண்டிக்காரர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். துணி மடித்து டிரம் அடைப்பது வில்பட்டியிலிருந்து தினமும் நடந்து வரும் ஓர் அக்கா. புருஷன் இல்லை, ஒரே மகள். மகளுக்கு முதல் பிள்ளை வீட்டில் பிறந்து அன்றைக்கே இறந்துபோனது. இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். இடுப்பு குறுகலாக இருக்கிறது, இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிரசவ நாள் கார்த்திகையில். அக்காவுக்கு அந்த வருஷம் முழுவதும் இது ஒன்றே நினைப்பு.

"எம் மகளுக்குன்னு ஒரு டிரம் நானே அடைப்பேன் தம்பி. ஒரு துணிகூடச் சுருக்கமில்லாம வைப்பேன்" என்பார்.

"சுருக்கமில்லாத துணியப் பாத்துட்டு பிள்ள வெரசா வந்துருமாக்கும்" என்பார் அண்ணன்.

"ஒம்ம நெருப்பு எரியிறதுக்குள்ள அது பள்ளிக்கூடம் போயிரும்" என்று அக்கா திருப்பிக் கொடுப்பார்.

வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் நெருப்பு தாமதமாவது உண்மை. அது எனக்குத் தெரிந்தது ஒரு நோட்டினால்.

பொறுப்பில் இருந்த நர்ஸ் சிஸ்டர் ஒரு பெரிய பதிவேடு வைத்திருந்தார். அதில் ஒவ்வோர் ஈட்டுக்கும் முள் கோட்டில் நின்ற நேரத்தை மட்டும் எழுதவேண்டும். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் முப்பது நிமிஷம், முப்பது நிமிஷம் என்றிருக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் முள் கோட்டுக்கு ஏற எவ்வளவு நேரம் பிடித்தது என்று அந்தப் பதிவேடு கேட்கவே இல்லை. வைகாசியில் இரண்டு மூன்று நாள் முதல் ஈடு இழுத்துவிட, ஒன்பது மணி ஈட்டை அவசரமாக ஏற்ற வேண்டியிருந்தது. ஏன் என்று பார்க்க ஒரு பள்ளிக்கூட நோட்டில் முழுக்கணக்கையும் எழுத ஆரம்பித்தேன். கதவு மூடிய நேரம், முள் ஏறிய நேரம், காய்ந்து எடுத்து அடுத்ததை அடுக்கி முடித்த நேரம். கூடவே இன்னொரு வரி. டிரம் வந்து சேர்ந்த நேரத்தை அக்கா மூடியில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவார். கதவு மூடும்போது வரிசையில் மிச்சம் கிடக்கும் டிரம்களில் ரொம்பப் பழையது எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பது அந்த வரி.

வைகாசியில் ஓர் ஈட்டுக்கு எல்லாம் சேர்த்து இரண்டு மணி பத்து நிமிஷம். ஆடியில் இரண்டு இருபது. ஆவணிக் கடைசியில் இரண்டு முப்பத்தாறு. ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். ஆனால் ஆறு நாளையும் கூட்டி வகுத்துப் பார்த்தால் கடைசியாக வந்த வாரங்களில் வாரத்துக்கு நாலு நிமிஷம் ஏறிக்கொண்டே வந்தது. ஓர் ஈட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூன்று மணி நேரம். மிச்சம் இருபத்து நாலு நிமிஷம். இப்படியே போனால் ஆறு வாரத்தில், ஐப்பசி நடுவில், ஓர் ஈடு முடியுமுன் அடுத்ததன் நேரம் வந்துவிடும்.

அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன்.

"ஈர வெறகுப்பா. மலையில வெறகு எப்பக் காஞ்சிருக்கு?"

"வைகாசியில காஞ்ச வெறகுதானண்ணே. அப்பவே ஏற ஆரம்பிச்சிருச்சே."

அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "சிஸ்டர்ட்ட காட்டுனா கொதிகலன நிறுத்தித் தெறக்கணும்பாங்க. ரெண்டு நாளு ஆபரேஷன் கெடையாது. எம் பேரு கெட்டுப்போகும். இரு, நான் ஒரு சோலி பண்றேன்."

மறுநாளிலிருந்து பத்து டிரம்முக்குப் பதிலாக எட்டு வைத்தார். உள்ளே பாரம் குறைந்ததும் முள் சீக்கிரம் ஏறியது. அந்த வாரம் இரண்டு மணி இருபது நிமிஷம். எனக்குத் தலைச்சுமை இறங்கிவிட்டதுபோல இருந்தது. சிஸ்டரிடம் போகவில்லை.

நான் செய்த தப்பு இதுதான். இரண்டு வரி எழுதிவிட்டு ஒன்றை மட்டும் படித்தேன். நாளைக்கு இருபத்தாறு டிரம் வரும். எட்டெட்டாக மூன்று ஈட்டில் இருபத்து நாலுதான் போகும். தினமும் இரண்டு மிச்சம். மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திராத வரிசையில், முதலில் அரை நாள், பிறகு ஒரு நாள் பழைய டிரம் கிடக்க ஆரம்பித்தது. என் கையாலேயே அதை எழுதினேன். எழுதினேனே தவிர, ஈட்டின் நேரம் குறைந்தது வேகத்தால் அல்ல, வேலையைக் குறைத்ததால்தான் என்று யோசிக்கவில்லை.

அக்காதான் சொன்னார். "ஏலே, இது நேத்துக் காலையில வந்தது. இன்னும் கெடக்கு. வார்டுல டிரம் இல்லன்னு சத்தம் போடுறாக."

"போயிரும்க்கா. அடுத்த ஈட்டுல வச்சிரலாம்."

புரட்டாசிக் கடைசியில் வார்டிலிருந்து புகார் போய், சிஸ்டர் வந்து வரிசையைப் பார்த்தார். நல்ல மனுஷி. ஆனால் அவர் கண்ணில் பட்டது வரிசை மட்டும்தான்.

"ஒரு லோடு எக்ஸ்ட்ரா போடுங்க. ஆறு, எட்டரை, பதினொண்ணு, ஒண்ணரை. சரிதானே?"

அண்ணன் தலையாட்டினார். நானும் நின்றேன். நோட்டு என் சட்டைக்குள் இருந்தது. எட்டு டிரம் வைத்தும் ஓர் ஈட்டுக்கு ஆகும் நேரம் மறுபடி இரண்டு மணி இருபத்தைந்துக்கு வந்திருந்தது. அவர் கொடுத்த இடைவெளி இரண்டரை மணி. அஞ்சு நிமிஷம்தான் மிச்சம் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வாரம் எழுதி உறுதியானபின் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஏழெட்டு நாளில் வரிசை காலியாகிவிட்டது. சிஸ்டர் மெச்சினார். அந்த நாட்களில்தான் மழை பிடித்தது. இரண்டு மணி முப்பத்தைந்து, முப்பத்தெட்டு. எட்டரை ஈட்டின் டிரம்கள் கதவருகே அடுக்கி நிற்க, உள்ளே முதல் ஈடு இன்னும் காய்ந்துகொண்டிருக்கும். நீராவியில் நிற்கும் அரை மணியை யாரும் தொடவில்லை, பதிவேட்டில் அது எழுதப்படுகிறதே. காயவைக்கும் நேரத்தைத்தான் வெட்டினோம். முதலில் அஞ்சு நிமிஷம், பிறகு பத்து.

ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை, நாளுக்கு முன்பே வலி கண்டு அக்காவின் மகளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அக்கா சொன்னபடியே டிரம்மைத் தானே அடைத்தார். எட்டரை ஈட்டில் போனது. பதினொன்றுக்கு அடுத்த ஈடு காத்துக்கொண்டிருந்தது. அண்ணன் கதவைத் திறந்தார். அக்கா டிரம்மை இரண்டு கையாலும் வாங்கினார். நீராவி புகுவதற்காக மூடியில் இருந்த ஓட்டை வழியே தண்ணீர் கசிந்து அவர் கை நனைந்தது.

"ஈரமா இருக்கே தம்பி."

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்து நின்றுகொண்டிருந்தான். திரும்ப உள்ளே வைத்து முதலிலிருந்து நீராவி விட்டால் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"ஆறுனா காஞ்சிரும்க்கா. கொடுத்துவிடுங்க" என்றேன்.

அவர் என்னை நம்பிக் கொடுத்துவிட்டார்.

ஆண் பிள்ளை பிறந்தது. நல்ல கனம். அக்கா எங்களுக்குக் கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. தையலில் சீழ் வைத்தது. பெனிசிலின் போட்டார்கள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் இறந்துபோனாள். இருபத்து இரண்டு வயது.

அன்றைக்கு மறுநாள் நோட்டைக் கொண்டுபோய் சிஸ்டர் மேஜையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கொதிகலனை நிறுத்தித் திறந்தார்கள். புகைக்குழாயில் விரல் கனத்துக்குக் கரி. உள்ளே ஓடைத் தண்ணீரின் வண்டல் அடியில் கட்டியாகியிருந்தது. பெட்டிக் கதவின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்து நீராவி கசிந்திருந்தது. சுத்தம் செய்து வளையம் மாற்ற இரண்டு நாள்தான் ஆனது. முடிந்ததும் பத்து டிரம் வைத்து இரண்டு மணி பன்னிரண்டு நிமிஷத்தில் எடுத்தோம். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றார்.

அந்த டிரம்தான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா எங்களிடம் சொன்னார். காய்ச்சல் வர எத்தனையோ வழி உண்டாம். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம்.

பதினாறு நாள் கழித்து அக்கா தன் கம்பளியையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துப்போக வந்தார். பிள்ளை தோளில் தூங்கியது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"நோட்டு ஒண்ணு எழுதுனியாமே தம்பி. அதுல இது முன்னாடியே தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சுக்கா."

"எப்ப?"

"ஆவணிக் கடைசியில."

விரல் மடக்கி எண்ணினார். புரட்டாசி, ஐப்பசி. "எங்கிட்டச் சொல்லியிருந்தா மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே. எந் தம்பி வீடு அங்கதான இருக்கு."

நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருந்தேன் என்பதை அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அவர் திட்டவில்லை. நான் மடித்து வைத்திருந்த துணியில் ஒன்றை எடுத்து, உதறி, சுருக்கம் போகத் திருப்பி மடித்து வைத்தார். பிறகு பிள்ளையின் தலையைக் கம்பளியால் மூடிக்கொண்டு வில்பட்டிப் பாதையில் இறங்கிவிட்டார்.

அதன்பின் அந்த ஆஸ்பத்திரியில் நான் இருந்தவரை சனிக்கிழமைதோறும் இரண்டு வரியையும் சிஸ்டருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். ஈட்டுக்கு ஆன நேரம் ஏறினாலும் கேட்பார், அது குறைந்து வரிசை பழசானாலும் கேட்பார். இருமுறை கொதிகலனை நாளுக்கு முன்பே நிறுத்திச் சுத்தம் செய்தோம். அதன்பின் ஓர் ஈடு அடுத்த ஈட்டோடு முட்டியதே இல்லை. அக்காவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று தோன்றும். எதைச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.