உடனிருந்தவர்

பாளையங்கோட்டையில் செவிலியர் கல்லூரி ஆசிரியை எப்சி, டயாலிசிஸ் நோயாளிகள் தங்கள் வாழ்க்கையை எப்படி உணர்கிறார்கள் என்று ஆராயத் தொடங்கியபோது, டாக்டர் பாலசுப்பிரமணியன்தான் தன் சிறுநீரகப் பிரிவைத் திறந்துவிட்டார். நோயாளிகளைப் பேட்டி கண்டு, அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் பொருள்களைக் கருப்பொருள்களாகத் தொகுப்பது அவளுடைய ஆய்வு.

முதல் மூன்று பேட்டிகளுக்கு டாக்டரும் வந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கல்லிடைக்குறிச்சி வயல்வேலைக்காரர் பிச்சைக்கண்ணு, அவள் எதைக் கேட்டாலும் டாக்டரைப் பார்த்தே பதில் சொன்னார்.

“டாக்டர் நல்லா பாக்காரு. ஒரு கொறையும் இல்ல.”

மற்ற இருவரும் அதையேதான் சொன்னார்கள். எப்சி நெறிமுறைக் குழுவில் அனுமதி பெற்று, மூவரிடமும் மறுபடி ஒப்புதல் கேட்டு, அவர்கள் வீட்டுக்கே போனாள். பிச்சைக்கண்ணு அவளை ஆற்றுப் படித்துறைக்கு அழைத்துப் போனார்.

“இவ்வளவு தண்ணி ஓடுது, சிஸ்டர். கிட்னி போனவன் தண்ணி நெறய குடிக்கக் கூடாதுன்னு எனக்கு அளந்துல்லா ஊத்துதாவ. இங்கன வந்து வாய் கொப்புளிச்சித் துப்பிட்டுப் போயிருதேன். சில நாளு துப்ப மனசு வராது, முழுங்கிருவேன். அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தா இதெல்லாம் எப்படிச் சொல்ல? பொய்தான் வரும்.”

அதன்பிறகு எல்லாப் பேட்டிகளையும் அவள் தனியாகவே எடுத்தாள். ஒலிப்பதிவுகளை வார்த்தை பிசகாமல் எழுத்தாக்கினாள். திரும்பத் திரும்பப் படித்து, வரிவரியாகக் குறியீடு வைத்து, ஒத்தவற்றைச் சேர்த்தாள். பொருந்தாதவற்றைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். அந்த ஒரு வருடத்தில் டாக்டர் ஒரு பேட்டியைக்கூடப் படிக்கவில்லை.

துறைக் கூட்டத்தில் அவள் முடிவுகளைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“வீடு வீடாப் போயி கத கேட்டுட்டு வந்தா ஆராய்ச்சியாம்மா? நம்பர் எங்க?”

கூட்டமே சிரித்தது. அடுத்த வாரம், அவள் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையின் முதல் பக்கத்தைத் திருத்தி அனுப்பியிருந்தார். முதல் ஆசிரியர் அவர், இரண்டாவது அவருடைய மருமகன், கடைசியில் எப்சி.

அவள் போனில் கேட்டபோது, “மெத்தட்ஸ மட்டும் எழுதிக் குடு. ரெண்டு பேர் தனித்தனியா குறியீடு வச்சு ஒப்பிட்டோம்னு ஒரு வரி சேத்துரு. அதையெல்லாம் எவன் படிக்கான்?” என்றார்.

எப்சி சண்டை போடவில்லை. அவளுக்குள் பைய ஒரு குளிர்ச்சி பரவியது. ஆய்வு முறை என்றால் நடந்ததைச் சொல்வதுதானே. ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டால் போகிறது.

எழுதினாள்: ‘பேட்டிகளையும் பகுப்பாய்வையும் எப்சி மட்டுமே செய்தார். முதல் மூன்று பேட்டிகளில், பங்கேற்றோருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரான முதல் ஆசிரியர் உடனிருந்தார். பதில்கள் சுருங்கின. அவற்றைத் தவிர்த்து, மூவரும் ஒப்புதலுடன் மீண்டும் பேட்டி காணப்பட்டனர்.’

குறியீடு ஒப்பிட்டதாக அவர் கேட்ட வரி அதில் இல்லை.

அத்தோடு நிறுத்த அவளுக்கு மனமில்லை. பிச்சைக்கண்ணு சொன்ன ‘மூஞ்சி’ வாக்கியத்தையும் முடிவுகளில் வைத்தாள். அதைப் படிக்கப் படிக்க இனித்தது. பிறகுதான் உறைத்தது: உடனிருந்தது மூன்றே பேட்டி. அந்த மூவரில் சொன்னது யாரென்று டாக்டர் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார். வாரம் இருமுறை பிச்சைக்கண்ணு அவர் கையில்தான் கிடக்கிறார். யாரென்று தெரியவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள்.

டாக்டர் தன் பட்டங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, “ஓகே” என்று அனுப்பினார்.

கட்டுரை போன ஆய்விதழிலிருந்து மூன்று மாதம் கழித்து மதிப்பீட்டாளர்களின் கேள்விகள் வந்தன. ஆய்வு முறை நேர்மையாக எழுதப்பட்டிருப்பதைப் பாராட்டிவிட்டுக் கேட்டிருந்தார்கள்: பேட்டியோ பகுப்பாய்வோ செய்யாத முதல் இரு ஆசிரியர்களின் பங்கு என்ன?

டாக்டர் அவளை அறைக்கு வரச் சொன்னார்.

“என்னைய மாட்டி விட்டுட்டியேம்மா!”

“நடந்ததத்தான் எழுதியிருக்கேன், சார்.”

“அந்த வரிய எடுத்துரு.”

“எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. ஒலிப்பதிவையும் கேட்டா என்ன செய்ய? அதுல உங்க கொரல் இருக்குல்லா.”

“என் தயவுலதான் நீ உள்ளேயே வந்த.”

“ஆமா சார். அதையும் எழுதிருவோம். நோயாளிகளச் சேக்க உதவுனவருன்னு நன்றியுரையில போட்டுருதேன்.”

அவர் முகம் கறுத்தது. பங்கு என்ன என்ற கேள்விக்கு எழுத அவரிடம் ஒரு வரியும் இல்லை. இரண்டு நாள் கழித்துத் தன் பெயரையும் மருமகன் பெயரையும் எடுத்துவிடச் சம்மதித்தார்.

கட்டுரை எப்சி பெயரில் வந்தது. மறு வாரமே அவருடைய பிரிவில் இனி எந்த ஆய்வுக்கும் அவளுக்கு அனுமதி இல்லை என்று உத்தரவு வந்தது. அவள் அதை எதிர்பார்த்தேயிருந்தாள். கட்டுரையின் ஒரு பிரதியை அச்சடித்து, நன்றியுரைக்குக் கீழே கோடு போட்டு, அவர் மேசையில் தானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிறு ஆலயத்தில் பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. எப்சி கவனமாகக் கேட்டாள். அவளுக்கு அந்த மனது இன்னும் வரவில்லை. வெளியே வந்ததும் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு கல்லிடைக்குறிச்சி பஸ்ஸில் ஏறினாள். சர்க்கரை நோய் இல்லாதவர் என்பதால் பிச்சைக்கண்ணு ஒரு துண்டு சாப்பிடலாம்.