எண்பத்தைந்திலிருந்து எண்பதுக்கு

பதினான்கு நாள் சும்மா நிற்க வேண்டிய ஒரு தூண், ஏழாம் நாளில் எத்தனை வீதம் முடிந்திருக்கும்? பாதி என்று எழுதலாமா? ஒருவரும் அதைத் தொடவில்லையே, அப்படியானால் பூச்சியமா? வாராந்த முன்னேற்ற அறிக்கை எழுதுவதே என் வேலை. இன்றும் இதற்கு எனக்குப் பதில் தெரியாது.

கொட்டியாரக் குடாவின் மூதூர்ப் பக்கக் கரையில் ஒரு இறங்குதுறை கட்டுகிறார்கள். அந்த இடத்து அலுவலகம் கடலைப் பார்த்து வைத்த ஒரு கொள்கலப் பெட்டி. அதற்குள் ஒரு மேசை, இரண்டு கதிரை, கோப்புகள் அடுக்கிய ஒரு அலுமாரி. மகளுக்கு ஏழு மாதமானபோது நான் அங்கே வேலைக்குத் திரும்பினேன். கட்டைபறிச்சானில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் கிட்டத்தான். பகலில் பிள்ளையை மச்சாள் பார்த்துக்கொள்வா. வேலையிடத்தில் பத்துத் தடவையாவது தொலைபேசியை எடுத்து, அழைப்பு ஏதும் தவறிவிட்டதா என்று பார்ப்பேன். இது வேலைக்கும் நல்லதல்ல, பிள்ளைக்கும் உதவாது என்று தெரியும்.

அறிக்கைக்கு நான்கு பகுதிகள். முதலாவது, ஒவ்வொரு வேலையும் எத்தனை வீதம் முடிந்தது. இரண்டாவது, அடுத்த மூன்று கிழமைகளில் எந்த நாளில் என்ன செய்யப் போகிறோம். மூன்றாவது, எந்த வேலை ஒரு நாள் பிந்தினாலும் முழுத் திட்டமும் ஒரு நாள் பிந்துமோ, அந்த வேலைகளைப் பற்றிய கவலைகள். நான்காவது, ஆட்களிலும் இயந்திரங்களிலும் எது போதாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கட்டுவிக்கும் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை காலை அதை வைத்துக்கொண்டு தொலைபேசியில் கூட்டம். நான்கு பெட்டிகளை நிரப்புவதுதானே என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன்.

துறைக்கு நாற்பது இரும்புக் குழாய்த் தூண்கள். பாரந்தூக்கி ஏற்றிய ஒரு தட்டைப் படகிலிருந்து, பார்ஜ் என்போம், அவற்றைக் கடலடியில் அடித்து இறக்குகிறார்கள். தூண் சரியான மட்டத்துக்கு இறங்கினால் மட்டும் போதாது. சுத்தியலின் கடைசிப் பத்து அடிக்கு இருபத்தைந்து மில்லிமீற்றருக்கு மேல் அது அசையக் கூடாது. அசைந்தால் அடியில் பிடிப்பில்லை. அந்த அளவை அடிப்பதிவுத் தாளில் எழுதி, மேற்பார்வையாளர் ஒப்பம் வைத்த பிறகே அந்தத் தூண் கணக்கில் சேரும். முக்கால் முடிந்தது, அரை முடிந்தது என்பதெல்லாம் தூணுக்குக் கிடையாது. ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம்.

ஒரு வியாழக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். நான் வீட்டில் நின்றேன். எங்கள் எஞ்சினியரும் அந்தக் கிழமை கொழும்பில். பின்னேரம் பார்ஜில் வேலை செய்விக்கும் போர்மனிடம் படம் ஒன்று அனுப்பச் சொன்னேன். அவர் மூதூர்க்காரர், என்னைவிட இருபது வயது கூட, எல்லோருக்கும் காக்கா, அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். படம் வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, தண்ணீருக்கு மேலே தெரிந்த தலைகளை எண்ணினேன். முப்பத்துநான்கு. எல்லாம் ஒரே மட்டம், நூல் பிடித்த மாதிரி. எண்பத்தைந்து வீதம் என்று எழுதி அடுத்த நாள் அனுப்பினேன். மீதி ஆறு தூண், வரும் செவ்வாயை விட்டு அதற்கடுத்த செவ்வாயோடு முடியும். அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் கொழும்பில் இருந்தபடியே எஞ்சினியர் பார்ஜை விடுவிக்கக் கடிதம் எழுதினார். அதை இழுத்துப் போக அந்தச் செவ்வாய்க்கே இழுவைப்படகும் ஒழுங்காயிற்று. இங்கிருந்து போனால் பார்ஜ் மேற்குக் கரையில் இன்னொரு வேலைக்குப் போய்விடும். பிறகு வாடைக்காற்று தொடங்கும். அது ஓயும் வரை இந்தக் குடாவில் பார்ஜை நிறுத்த ஏலாது.

அடுத்த வியாழன், கோப்பில் போடுவதற்காக அடிப்பதிவுத் தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். ஐந்து தாள்களில் கடைசி வரி அறுபது, ஐம்பத்தெட்டு, எழுபது என்றிருந்தது. ஒப்பத்துக்கான கட்டம் வெறுமை. ஐந்தும் கடல் பக்கத்துக் கடைசி வரிசைத் தூண்கள், போன கிழமை புதனும் வியாழனும் அடித்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் மண் பரிசோதித்தவர்களின் குறிப்பு ஒன்று கொழுவியிருந்தது. பதினான்கு நாள் விட்டுத் திரும்ப அடித்துப் பார்க்கவும்.

தாள்களை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். காக்கா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, இந்த அஞ்சும் முடியேல்லையா?"

"மட்டத்துக்கு வந்திட்டு புள்ள. பிடிக்கல்ல. ஆத்துச் சேறு அது, வெண்ணெய்க்குள்ள கத்தி போற மாதிரிப் போகுது."

"நான் உங்கட படத்தைப் பாத்து எண்ணிப் போட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். "படத்துல பிடிப்பு தெரியுமா புள்ள? அப்பிடியெண்டா நாங்க ஏன் இந்த வெயிலுக்க காயிறம், வீட்ட இருந்து படம் பிடிக்கலாமே."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. திரும்ப அடித்தால் பிடிக்குமா என்று கேட்டேன்.

"பிடிக்கும் எண்டுதான் செல்லுறாங்க. அடிக்கக்க சேறு கலங்கி இளகுது. சும்மா விட்டா அது மெதுவா வந்து தூணைக் கட்டிக்கொள்ளும். நாம தொடக் கூடா. அதுதான் வேலை." பிறகு சொன்னார், "பார்ஜ் நிக்கும்தானே? எஞ்சினியர் பாத்திருப்பார் எண்டு நான் நினைச்சன்."

நாட்களை எண்ணினேன். பதினான்கு நாள் அடுத்த வியாழக்கிழமை முடியும். பார்ஜ் செவ்வாய்க்கிழமை போகும். இரண்டு நாள் வித்தியாசத்தில் ஐந்து தூண்கள் அரைகுறையாக மழைக்காலம் முழுவதும் கடலில் நிற்கப் போகின்றன. அதற்குக் காரணம் என் மடியிலிருந்து எண்ணிய ஒரு எண்.

அந்தக் கிழமை மூன்று புதுத் தூண்கள் சரியாக முடிந்திருந்தன. உண்மைக் கணக்கு இருபத்தொன்பதும் மூன்றும், முப்பத்திரண்டு. நாற்பதில் எண்பது வீதம். ஒரு கிழமை வேலை செய்து வீதம் ஐந்து குறைந்திருக்கிறது. அப்படி ஒரு அறிக்கையை நான் கண்டதில்லை.

எஞ்சினியர் அன்றுதான் திரும்பியிருந்தார். கோபக்காரர் அல்ல. ஆனால் நான் சொல்லி முடிக்கும் வரை பேனையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"போன கிழமை எண்பத்தைந்து, இந்தக் கிழமை எண்பது. தூணைப் பிடுங்கினனாங்களோ எண்டு கேப்பினம் மிஸ்."

"ஓம் சேர்."

"இந்த முறையும் எண்பத்தைந்து எண்டே போடுங்கோ. பார்ஜுக்கு நான் தனியாக் கதைக்கிறன். அந்த அஞ்சும் பிடிச்சா கணக்குத் தானாச் சரிவரும்."

சரி என்று சொல்லிவிட்டு என் கதிரையில் வந்து இருந்தேன். சொன்னதைச் செய்கிறவள் நான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். எண்பத்தைந்து என்று அடித்தேன். அடுத்த பகுதிக்குப் போனேன். வியாழக்கிழமை ஐந்து தூண்களைத் திரும்ப அடித்தல் என்று எழுதப் பார்த்தேன். முடிந்த தூணை எதற்குத் திரும்ப அடிப்பது? அந்த வரியை எடுத்தேன். அதை எடுத்ததும் மூன்றாம் பகுதியில் கவலைப்பட ஒன்றுமில்லை. நான்காம் பகுதியில் பார்ஜும் தேவையில்லை, தூண் பிடிக்காவிட்டால் நீட்டி ஒட்ட வேண்டிய வெல்டரும் தேவையில்லை. அனுமதிப் பத்திரம் உள்ள வெல்டர் எங்களிடம் ஒரே ஒருவர்தான். சனிக்கிழமையிலிருந்து அவருக்கு லீவு.

அந்த நேரம்தான் கண்ணில் பட்டது. நான்கு பெட்டிகள் என்று நான் நினைத்தவை நான்கல்ல. முதல் எண்ணைப் பொய்யாக்கினால் மற்ற மூன்றும் தாமாகவே பொய் சொல்லத் தொடங்குகின்றன. யாரோ எப்போதோ யோசித்து வைத்த ஒரு வெறும் படிவம், என்னைத் தப்ப விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பயத்துக்குள்ளேயும் எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு எஞ்சினியரிடம் போனேன். "சேர், எண்பத்தைந்து எண்டா மிச்சம் ஒண்டும் எழுத ஏலாமக் கிடக்கு. பாருங்கோ."

அவர் மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு கீழிருந்து மேலே வாசித்தார்.

"எண்பதைப் போடுங்கோ," என்றார். "ஏன் குறைஞ்சது எண்டு முதல் வரியிலயே எழுதுங்கோ. அடியில ஒளிக்க வேண்டாம்."

போன கிழமை எண்ணிக்கை பதிவுத் தாளைப் பார்க்காமல் படத்திலிருந்து எடுக்கப்பட்டது, ஐந்து தூண்கள் இன்னும் தேறவில்லை என்று எழுதினேன். அடுத்த மூன்று கிழமையில் வியாழக்கிழமைக்குத் திரும்ப அடித்தலைப் போட்டேன். கவலைகளில், வியாழன் வரை காத்திருத்தல், இதைச் சுருக்க முடியாது, மற்ற எல்லாம் இதற்குப் பின்னால் நிற்கின்றன என்று போட்டேன். வேலையே இல்லாத ஒன்று எங்கள் திட்டத்தின் மிக முக்கியமான வேலையாக இருந்தது. போதாதவற்றில் பார்ஜையும் இழுவைப்படகையும் வெல்டரையும் எழுதினேன். அனுப்பிய பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மச்சாள் என்னைப் பார்த்து, "பிள்ளைக்குச் சுகம், உனக்குத்தான் இப்ப காய்ச்சல்," என்றா.

திங்கட்கிழமை கூட்டத்தில் திணைக்களத்து எஞ்சினியர் அம்மா தொலைபேசியில் முதலில் கேட்டது, "படத்தைப் பாத்து எண்ணினது ஆர்?"

"நான்தான் மிஸ்."

கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. "எனக்குக் கிழமைக்குப் பதினொரு ரிப்போட் வருது. எல்லாத்திலயும் வீதம் ஏறும். நான் மேலோட்டமாப் பாத்திட்டு வைச்சிடுவன். இது இறங்கிக் கிடந்தது. அதாலதான் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சனான்." பிறகு எங்கள் எஞ்சினியரிடம், "பார்ஜை அடுத்த ஞாயிறு மட்டும் மறிச்சு வையுங்கோ. கடிதம் இண்டைக்கே வரும்," என்றா.

அடிக்க மீதி இருந்த மூன்று தூண்களும் செவ்வாய்க்கிழமையோடு சரியாக முடிந்தன. அன்று இழுவைப்படகு வரவில்லை. பார்ஜ் நின்ற இடத்திலேயே நின்றது. கரையில் நின்று அந்தப் பெரிய இரும்பைப் பார்த்தேன். ஒரு பக்கக் கடதாசி அதை நிறுத்தி வைத்திருக்கிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

வியாழன் காலை அடித்தார்கள். முதல் தூணில் பத்து அடி. குடா முழுவதும் அதிர்ந்தது. காக்கா அளவைப் பார்த்துவிட்டுக் கரையை நோக்கிக் கையைத் தூக்கி, விரல்களால் காட்டினார். ஆறு. இரண்டு கிழமைக்கு முன் அறுபது மில்லிமீற்றர் போன தூண், ஆறு. யாரும் தொடாத சேறு அதை இறுக்கிப் பிடித்திருந்தது. அடுத்தவை ஒன்பது, ஏழு, பதினொன்று. ஐந்தாவது மட்டும் நாற்பது அசைந்தது. லீவைப் பிற்போட்டு நின்ற வெல்டர் அதற்கு வெள்ளிக்கிழமை ஒரு துண்டு நீட்டி ஒட்டினார். சனிக்கிழமை அடித்தபோது கீழே கெட்டித் தரையில் போய் நின்றது. ஞாயிறு பார்ஜ் போயிற்று. அடுத்த கிழமை வாடை தொடங்கியது.

அந்தக் கிழமை முதல் பெட்டியில் நூறு என்று எழுதினேன். எழுத முன் நாற்பது தாள்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். எண்ணிய பிறகும் நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன்.

இப்போது மேல்தளத்துக்குக் கொங்கிரீட் போடுகிறார்கள். மகளுக்குப் பல் முளைக்கிறது, காய்ச்சல் இன்னும் வரும், வியாழக்கிழமைகளிலும் வரும். அப்படி வீட்டில் நிற்கும் நாளில் அறிக்கையை என்ன செய்வது? நான் பார்க்காத எண்ணை இன்னொருவர் சொன்னபடி எழுதுவதா, முதல் பெட்டியை வெறுமையாக விட்டு "அளக்கவில்லை" என்று போடுவதா, பிள்ளையை விட்டுவிட்டு ஓடுவதா? எஞ்சினியர் என் இஷ்டம் என்கிறார். மச்சாள் பிள்ளைதான் முதல் என்கிறா. இப்படி அளந்து எழுதும் வேலை பார்த்துக்கொண்டு சிறு பிள்ளையும் வளர்த்தவர்கள் இதை வாசித்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைத்தால் இன்னும் உதவியாயிருக்கும்.