நீலம் பூசிய வார்டுகள்

டெங்கு ஆய்வுக் கட்டுரை ஆய்விதழிலிருந்து மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. தில்லியில் புவியியல் ஆராய்ச்சி செய்யும் தாட்சாயணிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஆறிப்போன டீயோடு உட்கார்ந்தாள்.

பக்கத்துப் பக்கத்து வார்டுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை அளக்கும் மோரன் குறியீடு நன்றாகவே உயர்ந்திருந்தது. வரைபடத்தில் நோய் குவிந்த இடங்கள் சிவப்பு. நோய் குறைந்த வார்டுகள் சேர்ந்து கிடந்த நகரத்து ஓரம் முழுக்க நீலம். அந்த நீலத்துக்குத்தான் இந்த முறை காரணம் கேட்டிருந்தார்கள்.

காரணம் எழுதப் போனவளுக்குக் கை நின்றது. அந்த வார்டுகளில் பரிசோதனைக்கூடமே கிடையாது. எண் வராத கட்டங்களை மென்பொருள் ஏற்கவில்லை என்று, போன வருடம் அவளேதான் அலுப்பில் பூஜ்யம் தட்டியிருந்தாள்.

அவற்றை விட்டுவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். குறியீடு சரிந்தது. நீலம் போய், தகவல் இல்லை என்று காட்டும் சாம்பல் நிறம் வந்தது. மிஞ்சிய சிவப்பெல்லாம் பரிசோதனைக்கூடங்களைச் சுற்றியே இருந்தது.

புது வரைபடத்தைப் பார்த்த வழிகாட்டிப் பேராசிரியர் வேதாந்தம் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? டெங்கு மேப்பா, இல்ல லேப் எங்கெங்க இருக்குன்னு காட்டற மேப்பா?"

"மூணு தடவையும் லேப் மேப்பைத்தான் சார் அனுப்பியிருக்கோம்."