உட்கார இடம் கிடைத்த நாட்கள்

ஒரு பங்கு விழ விழ மேலும் வாங்கி, கேட்டவர்களிடம் ‘ஆவரேஜ் பண்றேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்பதே அது பாதிக்கு விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இருந்தும் விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் டிராக்டர் ஏஜென்சியில் என்னைப் பங்குச்சந்தை நிபுணன் என்று நம்பினார்கள். நம் ஊரில் நஷ்டப்பட்டவனுக்கு அனுபவஸ்தன் என்றொரு பதவி உயர்வு உண்டு.

பில்லிங்கில் இருந்த பையன் திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். மொபைல் ஆப்பில் காலையில் பங்கு வாங்கி அன்றைக்கே விற்கிற வியாபாரம் அவனுக்கு. அந்த மாதச் சம்பளத்தில் பாதி போயிருந்தது.

“பர்சனல் லோன் எடுத்துப் போட்டா மீட்டுடலாம் சார். நீங்க இன்னா சொல்றீங்க?”

வாயால் சொன்னால் நான் பிரசங்கம் செய்வேன், அவன் தலையாட்டுவான். ஆகவே எதிர் மேஜைக்கே நாலு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து கொஞ்சம்:

“தம்பி, லோனை ஒரு மாதம் தள்ளிப்போடு. அதுவரை குறைந்த அளவில் செய். ஒவ்வொரு முறையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எழுது. ஏன் வாங்குகிறாய், எந்த விலைக்கு இறங்கினால் தப்பை ஒப்புக்கொண்டு வெளியே வருவாய், அப்போது எவ்வளவு போகும். விற்ற பிறகு, எழுதியபடி நடந்தாயா என்று எழுது. புரோக்கர் அனுப்பும் கணக்கில் விலையும் கட்டணமும் இருக்கும். உன் புத்தி அந்நேரம் எங்கே போயிருந்தது என்பது இருக்காது. காரணத்தை மட்டும் பிறகு எழுதாதே. பிறகு எழுதினால் நாம் எல்லோருமே மேதைகள்.”

கடைசிப் பக்கத்தில் இடம் மிஞ்சியது. சும்மா விடுவானேன் என்று, ‘எங்கே இருந்தாய் என்பதையும் குறி’ என்று சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்து நோட்டைக் கொண்டுவந்தான். பெரிய நஷ்டங்களுக்கெல்லாம் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: ‘ஏறிக்கினே போவுது.’ அதைவிட இன்னொன்று என்னை இழுத்தது.

“அது இன்னாப்பா, அடி வாங்கின நாள்லாம் ஜன்னல் சீட்டு?”

“சீட்டு கெடச்சாதான் சார் ரெண்டு கையும் ஃப்ரீ. நின்னுக்கினு வந்தா ஒரு கை கம்பியைப் புடிச்சிக்கினு இருக்கும்.”

பஸ் கூட்டேரிப்பட்டை நெருங்கும்போது சந்தை திறக்கும். விலை தாறுமாறாகக் குதிக்கிற நிமிடங்கள் அவை. வாங்கிவிடுவான். குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப்லாஸைப் போடுவதற்குள் சிக்னல் போய்விடும். சிக்னல் வரும்போது விலை அதற்கும் கீழே கிடக்கும். நின்றுகொண்டு வந்த நாட்களில் மதியச் சாப்பாட்டு வேளையில்தான் ஆப்பைத் திறந்திருக்கிறான். அதில் லாபம் என்று பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை, போனதும் கொஞ்சம்தான்.

பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினான்.

“லோன் காசும் அந்த சீட்லயே போயிருக்கும் சார்,” என்றான். லோன் வேண்டாம் என்று முடிவானது.

என் கடிதத்தின் மகிமையைக் கேஷியர் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அதுக்கு எதுக்கு சார் நாலு பக்கம்? பஸ்ல வயசானவங்க வந்தா எழுந்து எடம் குடுன்னு சொல்லியிருந்தா போதுமே.”